தலையை மட்டும் எடு, தண்டைத் தட்டு

கப்பலூர், கே.புதூர், ரிங் ரோடு ஓரம் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பாடி பட்டறைக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும்: "துளை கொஞ்சம் லூஸாயிருச்சுண்ணே, பரவாயில்ல, அடுத்த சைஸ் ரிவெட் போட்டுரலாம்." பழைய பஸ்ஸின் பக்கவாட்டு அலுமினியத் தகட்டை மாற்றும்போதும் சரி, வேன் கதவின் கீழ்ப்பட்டையைப் பிரிக்கும்போதும் சரி, இதைச் சொல்லாத ஆளில்லை. சொல்கிறவர் சோம்பேறியும் இல்லை, வேலை தெரியாதவரும் இல்லை. ரிவெட்டை டிரில் போட்டு எடுத்தால் துளை கொஞ்சம் பெரிதாகத்தான் செய்யும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டு விட்டார்கள், அவ்வளவுதான். அந்த 'பெரிதாகத்தான் செய்யும்' என்பதோடு எனக்கு உடன்பாடு இல்லை. துளை பெரிதாவது டிரில் செய்யும் வேலையால் அல்ல. டிரில் செய்யவே கூடாத ஒரு வேலையை அதற்குக் கொடுப்பதால்.

பாப் ரிவெட்டை இங்கே விட்டுவிடுவோம். அது உள்ளே கூடானது, அதை எடுப்பது வேறு கணக்கு. நான் பேசுவது ஒரு பக்கம் உருண்டைத் தலை, மறுபக்கம் சுத்தியல் அடித்துப் பரப்பிய தலை, நடுவே முழுத் தண்டு என்று இருக்கும் கெட்டி ரிவெட். அதிலும் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: 16 கேஜ் அலுமினியத் தகடு, அதாவது 1.6 மி.மீ. அதற்குப் பின்னால் 3 மி.மீ. இரும்பு ஆங்கிள். இரண்டையும் பிடித்திருப்பது ஒன்றரை நூல் அலுமினிய ரிவெட். ஒன்றரை நூல் என்றால் 4.76 மி.மீ. தண்டு. துளை 4.9 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த சைஸ் ஏன் தீர்வாகாது

முதலில் அந்த வசனத்தையே பார்த்துவிடலாம். ஒன்றரை நூலுக்கு அடுத்து பட்டறையில் இருப்பது ரெண்டு நூல், 6.35 மி.மீ. தகட்டின் விளிம்புக்கும் ரிவெட்டின் நடுப்புள்ளிக்கும் இடையே ரிவெட் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் இருக்க வேண்டும் என்பது தகட்டு வேலையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. ஒன்றரை நூலுக்கு அது 9.5 மி.மீ. ஆகவே பாடி கட்டியவர் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வரிசை போட்டிருந்தால் சரியாகத்தான் போட்டிருக்கிறார். ரெண்டு நூலுக்கு 12.7 மி.மீ. வேண்டும். வரிசையோ 10-லேயே நிற்கிறது. வண்டி குலுங்கக் குலுங்கத் தகடு துளையிலிருந்து விளிம்பை நோக்கிக் கிழிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய பாடிகளில் பெரிய தலை ரிவெட்டுகள் இருக்கும் இடத்தில் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், விரிசல் அங்கேதான் தட்டுப்படும்.

சரி, பெரிய துளையில் பழைய சைஸையே அடித்தால்? ரிவெட்டை அடிக்கும்போது தண்டு முதலில் பருத்துத் துளையை நிரப்ப வேண்டும், மிச்சமிருக்கும் உலோகம்தான் மறுபக்கத் தலையாக வேண்டும். 4.9 துளை 5.4 ஆகிவிட்டால் தண்டு அந்த இடத்தை நிரப்புவதற்குள் சாய்ந்துவிடும். சாயாமல் நின்றாலும் தலைக்கு உலோகம் போதாது. பார்வைக்கு இறுகியது போலத்தான் இருக்கும். ஓட ஆரம்பித்ததும் தகடும் ரிவெட்டும் உரசி, தலையைச் சுற்றிக் கரும்பொடி வளையம் கட்டும். மழைத் தண்ணீர் பட்டு அந்தக் கறுப்பு கீழே கோடாக வழிந்திருந்தால் அந்த ரிவெட் தன் வேலையை விட்டு நாளாகிவிட்டது என்று பொருள்.

டிரில் எங்கே நிற்க வேண்டும்

ரிவெட்டை வெளியே எடுப்பது டிரில் அல்ல, பஞ்ச். டிரிலுக்கு உள்ள ஒரே வேலை தலையைத் தண்டிலிருந்து பிரித்துக் கொடுப்பது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற அளவுகள் தானாக வந்து சேரும். பிட்டின் வெட்டும் ஓரத்தின் வெளி மூலை தகட்டின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் அது துளையைத் தொடவே முடியாது. நடுப்புள்ளி கொஞ்சம் பிசகினாலும்கூட முடியாது. ஆகவே துளைக்கு முதல் காவல் ஆழம். பிட்டின் சைஸ் இரண்டாவது காவல்தான். பட்டறையில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: "ஒன்றரை நூல் ரிவெட்டா, ஒன்றரை நூல் பிட் போடு" என்று சைஸைப் பார்க்கிறார்கள், பின்பக்கம் வரை இறக்குகிறார்கள்.

பிட்டின் முனை தட்டை அல்ல, கூம்பு. கடையில் வாங்கும் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். பிட்டின் முனைக்கோணம் 118 டிகிரி. அந்தக் கோணத்தில் கூம்பின் உயரம் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு. 4.2 மி.மீ. பிட் எடுத்தால் 1.26 மி.மீ. முனை ஆழமாகப் போன பிறகும் வெட்டும் ஓரத்தின் வெளி மூலை அந்த அளவு மேலேயே நிற்கும் என்பதுதான் இதில் நமக்குச் சாதகமான விஷயம். முனை தண்டுக்குள் ஒரு மி.மீ. இறங்கினால் கவலை இல்லை, அது தண்டின் நடுவில்தான் இருக்கிறது.

கணக்குப் போடுவோம். ரிவெட் தலையின் உயரத்தைக் காலிப்பரின் பின்வாலால் அளக்க வேண்டும். இந்த ரிவெட்டில் 3 மி.மீ. என்று வைப்போம். உருண்டைத் தலையின் உச்சியை அரத்தால் ராவி 1 மி.மீ. குறைத்துத் தட்டையாக்கினால் மீதி 2. பிட்டின் வெளி மூலை தகட்டு மட்டத்தைத் தொட வேண்டுமானால் முனை 2-உடன் 1.26 சேர்த்து 3.26 மி.மீ. இறங்க வேண்டும். ஆக 3.2 மி.மீ. தான் எல்லை. பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைப்பதை நான் நம்புவதில்லை. டேப் சுழலும்போது மங்கலாகத் தெரியும், தடுக்காது. ஒரு பித்தளைக் குழாய்த் துண்டையோ கெட்டியான பிளாஸ்டிக் குழாயையோ பிட்டில் மாட்டி, சக்கின் வாயில் போய் முட்டும்படி நீளம் வெட்டி, முனை 3.2 மட்டும் வெளியே தெரிய விட்டால் அது நிஜமாகவே தடுக்கும். ஆனால் அந்தக் குழாயின் அடி ராவிய தலையின் தட்டையான பகுதியில் வந்து உட்காருகிறதா, பக்கத்துத் தகட்டில் முட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலையைவிடக் குழாய் அகலமாக இருந்தாலும் தலை உயர்ந்தே இருப்பதால் பொதுவாகத் தலையில்தான் முட்டும்.

4.2 ஏன்? துளை 4.9. பிட் 4.2 என்றால் சுற்றிலும் 0.35 மி.மீ. இடம் இருக்கிறது. நடுப்புள்ளி அந்த அளவு பிசகினாலும், கை தவறி ஆழம் கூடினாலும், துளை ஓரம் தப்பிக்கும். இதே இடத்தில் ஒன்றரை நூல் பிட்டைப் போட்டால் மிஞ்சுவது 0.07. கையில் பிடித்து ஓட்டும் மெஷினில் 0.07 என்பது இல்லாததற்குச் சமம். விமான வேலையில் தண்டு அளவு பிட்டே போடுவதும் உண்டு, அதற்குக் கீழே ஒரு சைஸ் போடுவதும் உண்டு. கைத்தேர்ச்சி நிறைய இருக்கும் இடத்துக்கு அது சரி. பஸ் பாடிக்கு ஒரு சைஸ் கீழேயே நிற்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

பிட்டைப் பற்றி இன்னொன்று. கிரைண்டரில் கையால் தீட்டிய பிட்டில் இரண்டு வெட்டு ஓரமும் சமமாக இருக்காது. ஒன்று நீளமாகிவிட்டால் முனை நடுவிலிருந்து விலகி, 4.2 என்று எழுதியிருக்கும் பிட் 4.5 துளை போடும். வேலைக்கு முன் அதே தகட்டின் கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டு, அந்தப் பிட்டின் தண்டையே அதில் விட்டு ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்டம் இருந்தால் புது பிட். தகட்டின் விலைக்கு முன்னால் பிட்டின் விலை ஒன்றுமே இல்லை.

நடுப்புள்ளி

எந்தத் தலையில் டிரில் போடுவது என்று கேட்டால், கம்பெனியிலேயே அடித்து வந்த உருண்டைத் தலையில். சுத்தியலால் பரப்பிய பின்தலை பெரும்பாலும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதன் நடுவைக் குத்தினால் தண்டின் நடுவில் இருக்காது. கம்பெனித் தலை தண்டோடு நேராக வந்தது.

ராவும்போது கிடைக்கும் தட்டை வட்டத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வட்டத்துக்கும் தலையின் வெளி விளிம்புக்கும் இடைவெளி நான்கு பக்கமும் ஒன்றாக இருந்தால் அரம் சாயவில்லை, வட்டத்தின் நடுதான் தலையின் நடு. ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தால் தட்டையின் நடுவை நம்பக் கூடாது, தலையின் வெளி விளிம்பை வைத்துக் குறிக்க வேண்டும். பெயின்ட் பூசிய தலையில் விளிம்பே சரியாகத் தெரியாது. முதலில் சுரண்டிவிடுங்கள். சென்டர் பஞ்ச் வைக்கும்போது பின்னால் ஒருவர் கனமான இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்தால் தகடு உள்வாங்காது. அடி லேசாக ஒன்று போதும்.

பிறகு 2.5 மி.மீ. பிட். மெஷினை ஓட விடுவதற்கு முன் சக்கைக் கையால் இரண்டு மூன்று சுற்று திருப்ப வேண்டும். முனை குழியில் உட்கார்ந்துவிட்டதா என்பது அந்தச் சுற்றிலேயே கைக்குத் தெரியும். ஹேமர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். சுவர் வேலைக்குப் போய்வந்த மெஷின் அதே நிலையில் தகட்டு வேலைக்கு வருவது சகஜம், அதன் முதல் அதிர்விலேயே பிட் தலையிலிருந்து வழுக்கித் தகட்டில் கோடு போட்டுவிடும்.

1 மி.மீ. இறங்கியதும் நிறுத்திப் பாருங்கள். சின்னக் குழி தலையின் நடுவில் இருக்கிறதா? ஒரு பக்கம் போயிருந்தால் இப்போது திருத்தலாம், 4.2 போட்ட பிறகு முடியாது. எந்தப் பக்கம் நடு இருக்கிறதோ அந்தப் பக்கச் சுவரில் சென்டர் பஞ்சைச் சாய்த்து வைத்து ஒரு தட்டு, அல்லது கூரான சின்ன உளியால் ஒரு கீறல். அடுத்த முறை பிட் அந்த வெட்டை நோக்கி இழுபடும். இது லேத் பட்டறைக்காரர்களுக்குப் பழகிய வித்தை, தகட்டு ஆட்கள் ஏனோ செய்வதில்லை. குழி நடுவுக்கு வந்ததும் 2 மி.மீ. வரை 2.5 பிட், அதன்பின் குழாய் மாட்டிய 4.2. அலுமினியம் பிட்டில் அப்பிக்கொள்ளும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் சுருள் சுத்தமாக வரும்.

தலை உடைகிற இடம்

3.2 வரை இறக்குமுன் 3-இல் ஒரு முறை நிறுத்துவது நல்லது. 4 மி.மீ. நேர் பஞ்சைத் துளைக்குள் விட்டு நெம்பிப் பாருங்கள். தலைக்கும் தண்டுக்கும் நடுவில் மெல்லிய வளையம்தான் மிச்சம் இருக்கும். அது போதுமான அளவு மெலிந்திருந்தால் 'டக்' என்று தலை மட்டும் கழன்று வரும். அசையவில்லை என்றால் மேலும் 0.2. சில சமயம் நெம்பவே வேண்டியதில்லை, தலை தானே பிரிந்து மோதிரம் மாதிரி பிட்டில் ஏறிச் சுற்றும். அந்த நொடியிலேயே கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போவது எல்லாம் துளைக்குள் போவது. நெம்பும்போது பஞ்சைத் தகட்டின் மேல் ஊன்றி நெம்பாமல், துளைக்குள் மட்டும் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் தகட்டில் பிறை வடிவப் பள்ளம் விழும்.

இப்போது தகட்டு மட்டத்தில் தண்டின் வாய் தெரியும், நடுவில் கூம்புக் குழியோடு. இனி டிரில் வேலை முடிந்தது. பின்பக்கம் மரக்கட்டை ஒன்றில் 12 மி.மீ. துளை போட்டு, அந்தத் துளைக்குள் ரிவெட்டின் பின்தலை போகும்படி ஆங்கிளோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பரப்பிய தலை பொதுவாகத் தண்டைப் போல் ஒன்றரை மடங்கு, இங்கே 7 மி.மீ. சுமார். ஆகவே 12-இல் தாராளமாகப் போகும். முன்பக்கம் 4 மி.மீ. தட்டை முனைப் பஞ்சை நேராக நிறுத்தி, 200 கிராம் சுத்தியலால் சுருக்கென்று ஒரு அடி. மெதுவாகப் பல அடி அடிப்பதைவிட இது தகட்டுக்கு நல்லது. கட்டை தாங்காமல் அடித்தால் ஆங்கிள் பின்னால் போய், தகடு துளையைச் சுற்றிக் குழிந்து, அந்தக் குழிவே துளையை வாய் விரித்துவிடும். கூர்முனை சென்டர் பஞ்சால் அடிப்பது அதைவிட மோசம். கூர் கூம்புக்குள் ஆப்பாக இறங்கித் தண்டைத் துளைக்குள்ளேயே விரிக்கும். எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இறுக்குகிறோம்.

தண்டு அசையாவிட்டால் அடியின் பலத்தைக் கூட்ட வேண்டாம். காரணம் இரண்டில் ஒன்று. தகட்டின் துளையும் ஆங்கிளின் துளையும் அன்றே ஒன்றுக்கொன்று விலகியிருந்து, தண்டு படி விழுந்தது போல் பருத்திருக்கும். அல்லது அடித்த நாளில் தகடும் ஆங்கிளும் ஒட்டாமல் இருந்து, அந்தச் சந்தில் தண்டு பிதுங்கிப் பரவியிருக்கும். இரண்டாவது என்றால் பஞ்ச் அடிக்கும்போது துளையைச் சுற்றித் தகடு ஆங்கிளிலிருந்து விலகுவது தெரியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கூம்புக் குழியின் நடுவைப் பிடித்து 3 மி.மீ. பிட்டால் தண்டை முழு நீளமும் கூடாக்குவது. பிட்டைச் சுற்றி ஒரு மி.மீ.க்கு அருகில் சுவர் மிஞ்சும் என்பதால் துளைக்குப் பயமில்லை, உள்ளே இடம் கிடைத்த தண்டு அடிக்கும்போது சுருங்கிக் கொடுக்கும். அலுமினியமும் இரும்பும் ஒட்டிய இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருந்தால் ஒரு சொட்டு டீசல் விட்டு, டீ குடித்து வந்து அடிக்கலாம்.

ரிவெட் சுற்ற ஆரம்பித்தால்

குலுங்கிக் குலுங்கித் தளர்ந்த ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுழலும். பலரும் இங்கே இன்னும் பலமாக அழுத்துவார்கள். சுழலும் தண்டு துளையை உள்ளிருந்து தேய்க்கிறது, கூடவே சூடும் ஏறுகிறது. பிட் ஒரு மயிரிழை இறங்காமலே துளை வளரும் வழி இது. உடனே நிறுத்துங்கள். பின்பக்கம் கை போனால் பரப்பிய தலையை வைஸ் கிரிப்பால் கவ்விப் பிடித்துக்கொண்டு மேலே வேலையைத் தொடரலாம். கை போகாத பெட்டிச் சட்டம் என்றால் டிரிலை ஓரம் வைத்துவிட்டு, தலையைச் சுற்றித் தகட்டில் டேப் ஒட்டி, அரத்தால் தலையைத் தாள் கனத்துக்கு ராவி, மிஞ்சிய படலத்தைக் கூரான உளியால் உரித்துவிடுவது உத்தமம். நேரமாகும். அப்படிச் சட்டத்துக்குள் விழும் தண்டுகள் வண்டி ஓடும்போது கலகலவென்று சத்தம் போடும், அலுமினியம் என்பதால் காந்தத்தில் ஒட்டாது. சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் அதன் வழியாகக் காற்றடித்துத் தள்ள வேண்டியதுதான்.

இரும்பு ரிவெட் அலுமினியத் தகட்டில் இருந்தால் மேலே சொன்ன எதையும் அப்படியே செய்யாதீர்கள். பிட் எப்போதும் மென்மையான பக்கம் சாயும். கெட்டி ரிவெட்டிலிருந்து நழுவி மெல்லிய தகட்டில்தான் இறங்கும். அதற்கு அரமும் உளியும்தான். தகட்டோடு மட்டமாகப் பதிந்த கவுன்டர்சங்க் தலையிலும் ஆழக் கணக்கு மாறும், ஏனென்றால் தலையே தகட்டுக்குள் இருக்கிறது. அங்கே சைஸ்தான் முதல் காவல், 4.2-ஐ விடவும் சின்னதில் தொடங்கலாம்.

துளை தப்பித்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 4.9 பிட்டின் பின்தண்டை விடுங்கள், போக வேண்டும். 5.2 பிட்டின் பின்தண்டு போகக் கூடாது. 4.9-ஐ உள்ளே வைத்து நான்கு திசையிலும் ஆட்டிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் ஆடினால் துளை முட்டையாகிவிட்டது. உள் ஓரத்தில் டார்ச் அடித்தால் பழைய இடம் மங்கலாகவும் பிட் கடித்த இடம் பளிச்சென்ற பிறையாகவும் தெரியும். அப்படி ஆனதை நிரப்பப் பார்க்காமல், அதற்கும் பக்கத்து ரிவெட்டுக்கும் நடுவில் புதுத் துளை போடுவதே மேல். அடுத்தடுத்த நடுப்புள்ளிகளுக்கு இடையே குறைந்தது மூன்று விட்டம், அதாவது 14.3 மி.மீ. இடம் இருந்தால் போதும். கெட்ட துளையில் ரிவெட் போட வேண்டாம்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு வரிசையில் கெடுக்கிறவர்களும் உண்டு. தகட்டை ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் கழற்றிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சும் நாலைந்து ரிவெட்டில் முழுத் தகடும் தொங்கும். அந்தக் கனம் அந்தத் துளைகளை இழுத்து நீளமாக்கிவிடும். ஆறேழு துளை காலியானதும் ஒன்றில் ஒன்றரை நூல் போல்ட்டைப் போட்டு நட்டைக் கையால் முடுக்கி வையுங்கள். நான்கு மூலை ரிவெட்டையும் கடைசிக்கு விடுங்கள். அவற்றை எடுக்கும் நேரம் வந்ததும் தகட்டின் அடியில் ஒருவர் தோள் கொடுக்கட்டும்.